நீருக்கடியில் எடுத்த படத்தில் முகம் மாற்றுதல்: நீலப்பச்சைச் சாயலும் தொலைந்த சிவப்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சேலத்திலும் ஏற்காட்டிலும் ஆல்பம் வடிவமைக்கும் நண்பர்களும், அந்தமான் போய்விட்டுப் படங்களோடு ஸ்டுடியோவுக்கு வரும் குடும்பத்தினரும் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் சிக்கல் ஒன்றுதான்: படம் நன்றாக வந்திருக்கும், ஒருவர் மட்டும் கண்ணை மூடியிருப்பார், அவருடைய முகத்தை வேறொரு படத்திலிருந்து எடுத்து வைக்க வேண்டும். வசதிக்காக, நீருக்கடியில் எடுத்ததை நீர்ப்படம் என்றும், முகம் எடுக்கப்படும் படத்தைத் தரைப்படம் என்றும் குறிப்பிடுகிறேன். படிகள் ஃபோட்டோஷாப்பை ஒட்டியவை.

தண்ணிக்குள்ள எடுத்தா ஏன் எல்லாமே நீலமா வருது? சிவப்பு எங்கதான் போகுது?

சிவப்பு ஒளியை நீரே உறிஞ்சிக்கொள்கிறது. தூய நீரில்கூட 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு, ஒவ்வொரு மீட்டருக்கும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தேய்ந்துகொண்டே போகும்; நீலம் ஏறத்தாழ அப்படியே கடந்து வரும். இங்கே கணக்கில் எடுக்க வேண்டியது ஆழம் மட்டும் அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒளி நீர்ப்பரப்பிலிருந்து முகம்வரை இறங்கி, பிறகு முகத்திலிருந்து கேமராவரை மீண்டும் நீருக்குள்ளேயே பயணம் செய்கிறது. 6 மீட்டர் ஆழத்தில், ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் மொத்தப் பாதை ஏழரை மீட்டர். தூய நீரிலேயே அந்தச் சிவப்பில் நூற்றுக்கு எட்டுப் பங்குதான் மிஞ்சும், பச்சையில் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும்.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. முகத்துக்கும் கேமராவுக்கும் நடுவே உள்ள நீரும் அதில் மிதக்கும் துகள்களும் மேலிருந்து வரும் ஒளியைச் சிதறடித்துக் கேமராவுக்குள் அனுப்புவதால், படத்தின் மேல் ஒரு மெல்லிய நீலப்பச்சைத் திரை விழுகிறது. கறுத்த முடிகூட நீர்ப்படத்தில் கறுப்பாக இல்லாமல் கருநீலமாகத் தெரிவது இதனால்தான். சிவப்பு கழிவதும் திரை கூடுவதும் தனித்தனி வினைகள் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்போகும் கர்வ்ஸ் வேலை எளிதாகப் புரியும்.

அந்தமான் போட்டோ நீலமா இருக்கு, எங்க தோட்டத்துக் கிணத்துல பசங்க எடுத்தது பச்சையா இருக்கு. ரெண்டுக்கும் ஒரே வேலைதானே?

ஒரே வேலை அல்ல. தெளிந்த கடல்நீரில் சிவப்பு மட்டுமே பெரிதும் இழக்கப்படுகிறது. பச்சையும் நீலமும் நல்ல நிலையில் இருக்கும். நம் பக்கத்துக் கிணறுகளில் பாசியும் இலைதழை ஊறிய சாறும் கலந்திருப்பதால் நீலமும் விழுங்கப்பட்டு, பச்சை ஒன்றுதான் உருப்படியாக மிஞ்சுகிறது. ஆகவே கடல்படத்துக்கு முகத்தின் சிவப்பை மட்டும் பெரிதாகக் குறைக்க வேண்டும், கிணற்றுப் படத்துக்குச் சிவப்பையும் நீலத்தையும் சேர்த்துக் குறைக்க வேண்டும்.

கிணற்றுப் படத்தில் இரண்டு சேனல்கள் பழுதாகிவிட்ட பிறகு இயல்பான தோல் நிறத்தைத் திருப்பிக் கொண்டுவருவது, என் அனுபவத்தில், உழைப்புக்கு ஈடாக அமைவதில்லை. பச்சைச் சேனலை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளைப் படமாகக் கொடுத்தால் அது அழகாகவும் இருக்கும், முகமும் சுலபமாகப் பொருந்திவிடும்.

ஏற்காடு ரிசார்ட் நீச்சல் குளத்துல எடுத்ததுக்கும் இவ்வளவு மெனக்கெடணுமா?

அவ்வளவு வேண்டியதில்லை. குளத்தில் ஒரு மீட்டர் ஆழத்தில், ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் சிவப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவாவது மிஞ்சியிருக்கும், எனவே முதல் பதிலில் சொன்ன இழப்பு இங்கே பெரிய தொல்லையாக இராது. ஆனால் தரையிலும் சுவரிலும் உள்ள நீல டைல்ஸ் தன் நிறத்தைத் தாடைக்கு அடியிலும் மூக்கின் கீழும் எதிரொளிக்கும். அந்த நீலத்தைத் தரைப்பட முகத்தின் கீழ்ப்பகுதியில் மென்மையான தூரிகையால் சேர்க்காவிட்டால், முகம் குளத்துக்கு வெளியே இருப்பது போலவே தோன்றும்.

மொதல்ல நீலத்தை எடுத்துட்டு முகத்தை ஒட்டணுமா, ஒட்டிட்டு எடுக்கணுமா?

ஒட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். நீர்ப்படத்தைத் திருத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டு, தரைப்பட முகத்தை அந்த நீருக்குள் இறக்கி, கழுத்தோடும் காதோடும் ஒன்றும்வரை அதன் சிவப்பைக் கழித்து, திரையைக் கூட்டிய பிறகு, எல்லா லேயருக்கும் மேலே ஒரே ஒரு திருத்த லேயரை வைத்து முழுப் படத்தின் நீலத்தையும் சேர்த்துக் குறைக்க வேண்டும்.

நீர்ப்படத்தை முதலிலேயே திருத்திவிட்டால், கழுத்திலும் கையிலும் தெரியும் நிறம், இழுத்துப் பெருக்கப்பட்ட சீரற்ற நிறமாக இருக்கும். அதற்கு ஒரு நல்ல முகத்தைக் கண்ணளவில் பொருத்த முனைந்தால் கன்னம் பொருந்தும்போது நெற்றி விலகும். அதற்குப் பிறகு வாடிக்கையாளர் கொஞ்சம் நீலமாகவே இருக்கட்டும் என்று சொன்னால் மொத்த வேலையையும் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். முகமும் கழுத்தும் ஒரே திருத்தத்துக்குக் கீழே இருந்தால் இரண்டும் சேர்ந்தே நகரும்.

முகத்து மேல நீலக் கலர் லேயர் போட்டு Color மோடுல வச்சா போதாதா? ஏன் அது நீலப் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு?

Color மோடு நிறத்தை மட்டும் மாற்றும், வெளிச்சத்தின் அளவைத் தொடாது. தரையில் எடுத்த மனிதத் தோலில் மிக வெளிச்சமான சேனல் சிவப்பு. பருவும் தழும்பும் அதில் மங்கி, தோல் வழவழப்பாகத் தெரியும். Ctrl+3 அழுத்திச் சிவப்புச் சேனலையும், Ctrl+4 அழுத்திப் பச்சைச் சேனலையும் மாறி மாறிப் பாருங்கள் (திரும்பி வர Ctrl+2). பச்சையில் அதே முகம் கறுத்து, உதடு இருண்டு, கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையம் கூடித் தெரியும். நீருக்கடியில் கேமரா பார்ப்பது அந்தப் பச்சைச் சேனல் முகத்தைத்தான். நீங்களோ சிவப்பின் வழவழப்பை அப்படியே வைத்துக்கொண்டு மேலே நீலம் பூசுகிறீர்கள்.

எனவே Curves லேயரை Normal மோடிலேயே வைத்துச் சிவப்புச் சேனலை உண்மையாகவே கீழே இறக்க வேண்டும். முறை சரிதானா என்று அறிய எளிய அடையாளம் ஒன்று உண்டு: தரைப்படத்தில் நெற்றியில் குங்குமம் இருந்தால், சிவப்பை இறக்கிய பிறகு அது கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறிவிட வேண்டும். தோல் நீலமாகி, குங்குமம் இன்னும் தனித்துப் பளிச்சென்று தெரிந்தால் சிவப்புச் சேனல் இன்னும் முகத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

எந்த மாதிரி தரைப்படம் கொண்டு வரச் சொல்லணும்?

மேகமூட்டமான நாளில், திறந்த வெளியில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தது மிகப் பொருத்தம். நீருக்கடியில் ஒளி பெரும்பாலும் மேலிருந்து இறங்கும், நிழல்களைச் சுற்றிலும் உள்ள நீர் நிரப்பிவிடும். ஏற்காட்டில் மூட்டம் கவிந்த பகலில் கிடைக்கும் வெளிச்சமும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். கல்யாண மேடையில் ஒரு பக்கம் விளக்கு விழுந்த முகமும், வெயிலில் மூக்கு நிழல் கன்னத்தில் கோடு போட்ட முகமும் நிறம் எவ்வளவு ஒத்தாலும் ஒட்டுவேலை என்று தெரிந்துவிடும்.

முகத்தைத் தவிர, அதே வெளிச்சத்தில் ஒரு வெள்ளைப் பொருளும் ஒரு கறுப்புப் பொருளும் படத்தில் இருக்க வேண்டும். வெள்ளைத் துப்பட்டாவும் தலைமுடியும் போதும். அடுத்த பதிலில் அவை தேவைப்படும்.

நம்பர் போட்டு ஒரு படத்தை முழுசா சொல்லுங்களேன், கண்ணளவுல எனக்கு வரமாட்டேங்குது.

அந்தமானில் நார்த் பேயிலும் எலிஃபண்ட் பீச்சிலும் பெரிய ஹெல்மெட் மாட்டிக் கடலடியில் நடக்க வைக்கிறார்கள் அல்லவா, அப்படிப்பட்ட படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹெல்மெட்டுக்குள் காற்று இருப்பதால் முகமும் முடியும் நனைவதில்லை, ஆகவே தரைப்பட முகம் இயல்பாகப் பொருந்துகிறது. படத்தில் அம்மா கண்ணை மூடியிருக்கிறார். மாற்று முகம் ஏற்காடு லேடீஸ் சீட்டில் மூட்டமான பகலில் எடுத்தது. முதலில் Info பேனலைத் திறந்து, ஐட்ராப்பரை 5 by 5 Average என்று வைத்து இரண்டு படத்திலும் மூன்று இடங்களை அளக்க வேண்டும். நீர்ப்படத்தில் அவருடைய முடி R 6, G 48, B 60; ஹெல்மெட்டின் வெள்ளை விளிம்பு R 62, G 190, B 205; கண் மூடிய பழைய முகத்தின் கன்னம் R 46, G 124, B 126. தரைப்படத்தில் முடி R 22, G 20, B 20. வெள்ளைத் துப்பட்டா மூன்றிலும் 235. அதே கன்னம் R 186, G 138, B 112.

இனி முகத்தை வெட்டி நீர்ப்படத்தின் மேல் வைத்து, அந்த முக லேயரோடு மட்டும் ஒட்டிய ஒரு Curves லேயரைப் போடுங்கள். புதுப் புள்ளி வைக்காமல், ஒவ்வொரு சேனலிலும் கோட்டின் இரண்டு முனைப் புள்ளிகளையே நகர்த்த வேண்டும். சிவப்புச் சேனலில் 22 உள்ளே வந்தால் 6 வெளியே, 235 வந்தால் 62. பச்சையில் 20க்கு 48, 235க்கு 190. நீலத்தில் 20க்கு 60, 235க்கு 205. மேல் புள்ளி தாழ்வது முதல் பதிலில் சொன்ன சிவப்பு இழப்பையும், கீழ்ப் புள்ளி உயர்வது நீர்த்திரையையும் குறிக்கும். கோடு நேராக இருந்தால் கன்னம் ஏறத்தாழ R 49, G 126, B 122 என்று வந்து நிற்கும். பழைய கன்னத்தின் 46, 124, 126 இலக்குக்கு இது மிக அருகில் இருக்கிறது. ஒவ்வொரு கோட்டிலும் கன்னத்தின் இடத்தில் ஒரு நடுப்புள்ளி வைத்து இரண்டு மூன்று அளவு நகர்த்தினால் பொருந்திவிடும். படக்கோப்பில் உள்ள எண்கள் ஒளியின் நேரடி அளவு அல்ல என்பதால் நடுவில் இந்தச் சிறு விலகல் எப்போதும் இருக்கும்.

கறுப்பையும் வெள்ளையையும் முகத்தின் அதே தூரத்திலிருந்து அளப்பது இங்கே உயிர்நாடி. முன்னால் நிற்பவரின் கறுப்பு கால்சட்டையை அளந்தால் அதன் மேல் திரை குறைவாக இருக்கும், அம்மாவின் முகம் அளவுக்கு மீறித் தெளிந்துவிடும். அதே குங்குமத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள்: தரையில் R 170, G 30, B 35 ஆக இருந்தது R 45, G 55, B 70 ஆகிறது, அதாவது கருநீலம். கடைசியாக, பழைய முகத்தின் மேல் ஹெல்மெட் கண்ணாடியில் விழுந்திருந்த வெளிறிய எதிரொளிப்பை மறந்துவிடாதீர்கள். அதைப் புது முகத்தின் மேல் Screen மோடில் மெலிதாகத் திரும்ப வரைய வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியே இல்லாதது போல் ஆகிவிடும்.

Match Color கொடுத்தா இதெல்லாம் தானா ஆகாதா?

ஓரளவுக்கு ஆகும். Image > Adjustments > Match Color இரு படங்களின் நிறச் சராசரியையும் பரவலையும் ஒப்பிட்டு ஒன்றை மற்றொன்றின் பக்கம் நகர்த்துகிறது. முழுப் படத்தையும் ஒப்பிடவிட்டால் பின்னணிக் கடலின் நீலம் எல்லாம் கணக்கில் சேர்ந்து முகம் கருநீலமாகிவிடும். ஆகவே இரண்டு படத்திலும் கன்னத்தை மட்டும் தேர்வு செய்து, தேர்வை வைத்துக் கணக்கிடச் சொல்லும் இரண்டு பெட்டிகளையும், மாற்றம் கன்னத்தோடு நின்றுவிடாமல் முகம் முழுக்கப் பரவ Ignore Selection when Applying Adjustment என்ற பெட்டியையும் டிக் செய்துதான் பயன்படுத்த வேண்டும்.

அப்படிச் செய்தாலும் அது லேயரின் மேலேயே நேரடியாக வேலை செய்வதால் பிறகு திருத்த முடியாது. கறுப்பும் வெள்ளையும் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதும் அதற்குத் தெரியாது. அவசர வேலையில் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். நான் மேலே சொன்ன ஆறு புள்ளிகளையே விரும்புகிறேன், அதற்கு ஆகும் நேரமும் அதிகமில்லை.

ஒட்டினப்ப சரியாத்தான் இருந்துச்சு. மேல திருத்த லேயர் போட்டவுடனே முகம் சிவந்து வந்துருச்சு, கழுத்து மட்டும் சாம்பலா நிக்குது. ஏன்?

முகத்தின் சிவப்பும் கழுத்தின் சிவப்பும் எண்ணளவில் ஒன்றாக இருந்தாலும் தரத்தில் ஒன்றல்ல. கழுத்தின் சிவப்பு, கேமராவில் வெறும் 40, 50 படிகளுக்குள் அடங்கி, புள்ளிப்புள்ளியான இரைச்சலோடு பதிவாகி, பிறகு ஜேபெக்காகச் சுருக்கப்பட்டது. பெரும்பாலான கேமராக்களின் ஜேபெக்கில் நிற விவரம் வெளிச்ச விவரத்தைவிடக் குறைவாகவே சேமிக்கப்படுவதால், அது திட்டுத்திட்டாகவும் கிடக்கும். முகத்தின் சிவப்போ தரையில் முழு விவரத்தோடு பதிவாகி, உங்கள் Curves லேயரால் அமுக்கி வைக்கப்பட்டது. மேலே உள்ள திருத்தம் அதை நான்கு மடங்கு இழுத்தவுடன் உயிரோடு எழுந்து வந்துவிடுகிறது.

தீர்வு, முகத்தின் சிவப்பையும் வேண்டுமென்றே கெடுப்பதுதான். முக லேயரை ஒரு நகல் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அதோடு ஒட்டிய Curves லேயரை Ctrl+E கொடுத்து முகத்தோடு இணையுங்கள். Channels பேனலில் Red ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, இரண்டு பிக்சல் அளவுக்கு Gaussian Blur கொடுத்துவிட்டு, கழுத்தின் சிவப்புச் சேனலை அருகில் வைத்துப் பார்த்தபடியே Add Noise சேருங்கள். இரண்டும் சாம்பல் நிறப் படமாக ஒன்றுபோலத் தெரிந்தால் போதும். இணைப்பதற்கு முன்பே இரைச்சலைச் சேர்த்தால் Curves அதையும் சேர்த்து நான்கில் ஒரு பங்காக அமுக்கிவிடும். அதனால்தான் இந்த வரிசையைச் சொல்கிறேன்.

சிவப்பை ஏத்தினா கடல் முழுக்க ஊதாப் புள்ளி வந்துருது. எவ்வளவு தூரம் திருத்தலாம்?

வெள்ளை ஹெல்மெட் விளிம்பின் சிவப்பு 62 என்று பார்த்தோம். அதை 235 வரை இழுத்தால் வெள்ளை வெள்ளையாகும், ஆனால் இரைச்சலும் நான்கு மடங்காகும். 140, 150 வரை கொண்டுபோய் நிறுத்துவது என் வழக்கம். தோல் உயிரோடு தெரியும், படமும் கடலுக்குள் எடுத்தது என்ற நினைப்பு போகாது. முழுக்க நடுநிலையாக்கிய நீர்ப்படம் மங்கிய அறைக்குள் எடுத்தது போல இருக்கும், அதில் யாருக்கு என்ன மகிழ்ச்சி என்று எனக்குப் புரிந்ததில்லை.

ஊதாப் புள்ளிகள் வருவது தூரத்து நீரில்தான். அங்கே சிவப்பு ஏறத்தாழ பூஜ்யம், இருப்பதெல்லாம் இரைச்சல். அதைப் பெருக்கினால் நீலத்தோடு கலந்து ஊதாவாகிறது. திருத்த லேயரின் மாஸ்க்கில் தூரத்து நீரைக் கறுப்பால் மறைத்து, ஆட்கள் நிற்கும் இடத்தில் வெள்ளையாக விட்டு, இரண்டுக்கும் நடுவே மெதுவாக மங்கவிடுங்கள். ஆட்களின் தோலிலேயே புள்ளி மிகுந்தால், நீர்ப்பட லேயரில் Red சேனலை மட்டும் தேர்ந்தெடுத்து Image > Apply Image திறந்து, Channel என்ற இடத்தில் Green, Blending என்ற இடத்தில் Normal, Opacity 40 என்று கொடுத்தால், பச்சையின் தெளிவு சிவப்புக்குக் கடனாகக் கிடைக்கும். இதைக் கூடுதலாகக் கொடுத்தால் சிவப்பும் பச்சையும் ஒன்றாகித் தோல் மஞ்சள் பூசியது போலாகும். முக லேயருக்கும் இதே அளவைக் கொடுக்க வேண்டும் என்பதை முந்தைய பதிலைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குங்குமம், உதடு, கையில கட்டுன சிவப்புக் கயிறு எல்லாம் கறுப்பா நிக்குது. பெயின்ட் பண்ணலாமா?

பண்ணலாம், ஆனால் திருத்தத்துக்குப் பிறகு, மிகக் குறைவாக. தோலில் சிவப்பு குறைந்தாலும் பச்சையும் நீலமும் ஓரளவு எதிரொளிப்பதால் அதைப் பிடித்து இழுத்து வரலாம். குங்குமமும் சிவப்புக் கயிறும் சிவப்பைத் தவிர வேறெதையும் பெரிதாக எதிரொளிப்பதில்லை. அந்தச் சிவப்பும் நீரில் கழிந்துவிட்டால் கோப்பில் மிஞ்சுவது நீர்த்திரை மட்டுமே. எந்த ஸ்லைடராலும் அதிலிருந்து நிறத்தை வெளியே எடுக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புது லேயரை Color மோடில் வைத்து, மங்கிய சிவப்பால் மெதுவாகத் தொட்டால் போதும். முகத்தில் உதட்டைச் சிவக்க வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரின் உதட்டைக் கறுப்பாகவே விட்டால் முகம் மாற்றியது அங்கேதான் வெளிப்படும். அதனால் தொட்டால் எல்லோருக்கும் தொட வேண்டும், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம். கயிறு என்ன நிறம் என்று குடும்பத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கறுப்புக் கயிறாகவும் இருக்கலாம்.

ஃபிளாஷ் போட்டு எடுத்த படம்னா?

ஒளி மேலிருந்து இறங்காமல் கேமராவிலிருந்தே கிளம்புவதால் பாதை குறுகி, ஒரு மீட்டருக்குள் இருக்கும் முகத்தில் சிவப்பு நன்றாகவே இருக்கும். ஆனால் அது முகத்தின் முன்பக்கத்தில் மட்டும். காதுக்குப் பின்னும் தோளிலும் நீலம்தான். இங்கே ஒரே Curves போதாது. முகத்துக்கு இரண்டு Curves போட்டு, ஒன்றைப் பழைய கன்னத்துக்கும் மற்றொன்றைப் பழைய காதோரத்துக்கும் பொருத்தி, மாஸ்க்கால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மங்கவிட வேண்டும். தரைப்படமும் நேர் ஃபிளாஷில் எடுத்ததாக இருந்தால் பாதி வேலை மிச்சம்; மூட்ட வெளிச்சத்துப் படம் வேண்டும் என்று முன்பு சொன்னதற்கு இது ஒரு விதிவிலக்கு.

அப்பா டூருக்கே வரலை. வேற ஒருத்தர் உடம்புல அவர் முகத்தை வச்சுத் தரமுடியுமா?

இருவரிடமும் கேட்டுவிட்டு வந்தால் செய்கிறேன். உடம்புக்கு உரியவருக்குத் தெரியாமல் செய்வதில்லை. கடலுக்குள் இறங்கியதாக ஊருக்குக் காட்டவே கேட்கிறார்கள் என்று தெரிந்தால் அதையும் ஏற்பதில்லை.

தொழில்நுட்பமாக இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. முன்பு செய்த கணக்கில் பழைய கன்னம் நமக்கு இலக்காக இருந்தது, ஏனென்றால் அது அதே மனிதரின் தோல். இங்கே பழைய கன்னம் வேறொருவருடையது. ஆகவே முடியையும் வெள்ளையையும் வைத்து மட்டும் Curves போட்டு, கன்னம் எங்கே விழுகிறதோ அதை நம்ப வேண்டும். நடுப்புள்ளியைப் பழைய கன்னத்துக்கு இழுக்கக் கூடாது. அதன் பிறகு கையும் கழுத்தும் நிறம் மாறித் தெரிந்தால் அவற்றைத்தான் முகத்துக்கு ஏற்பத் தனி Curves கொண்டு மாற்ற வேண்டும். நான்கு கை விரல்கள் தெரியும் படமாக இருந்தால் இது பெரிய வேலை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஸ்கிரீன்ல நல்லா இருக்கு, லேப்ல பிரிண்ட் வந்தா முகம் மட்டும் தனியா தெரியுது. என்ன தப்பு?

இரண்டு இடங்களைப் பாருங்கள். தரைப்படம் ஐபோனில் எடுத்ததாக இருந்தால் அது Display P3 என்ற நிறவெளியில் இருக்கும். ஆக்‌ஷன் கேமரா படம் பெரும்பாலும் sRGB. தரைப்படத்தைத் திறக்கும்போதே Edit > Convert to Profile மூலம் sRGB ஆக மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு மேலே சொன்ன எண்களை அளக்க வேண்டும். Assign Profile கொடுத்தால் எண்கள் அப்படியே நிற்க, நிறம் மட்டும் மாறிவிடும்.

இரண்டாவது, கணினித் திரையின் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தப்பிய நிற வேறுபாடு. எல்லா லேயருக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Hue/Saturation போட்டு Saturation அளவை +60 ஆக்குங்கள். முகத்தின் ஓரம் கழுத்தைவிடப் பச்சையாகவோ ஊதாவாகவோ இருந்தால் அது கூச்சலிட்டு நிற்கும். முகத்தின் Curves லேயரில், குறிப்பாக நீலச் சேனலின் கீழ்ப் புள்ளியில் ஒன்றிரண்டு அளவு நகர்த்தி அந்த வேறுபாட்டைக் கரைத்துவிட்டு, தற்காலிக லேயரை நீக்கிய பிறகு லேபுக்கு முதலில் 6×4 அளவில் ஒன்று மட்டும் அனுப்புங்கள்.